முன்னுரை முதல் முடிவுரை வரை எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழின் பகுப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஆழிமணல் · ஜூன் 24, இரவு 9:40

கருத்தரங்கக் கோவை ஒன்றுக்காகத் தமிழில் எழுதிய கட்டுரை என்னிடம் இருக்கிறது. பொருள்: இராமநாதபுரக் கடலோர மீனவர் வழக்கில் காற்றுப் பெயர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் ஓர் உட்தலைப்பு. முன்னால் முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை. பின்னால் முடிவுரை, துணைநூற்பட்டியல். நாம் எல்லோரும் எழுதுகிற அதே அமைப்புதான்.

நெறியாளர் இதை ஆங்கிலமாக்கி ஒரு பன்னாட்டு மொழியியல் இதழுக்கு அனுப்பச் சொல்கிறார். அந்த இதழின் வார்ப்புருவில் அறிமுகம், ஆய்வுமுறை, கண்டறிந்தவை, விவாதம், முடிவு என்று ஐந்தே தலைப்புகள். முன்னுரையை அறிமுகம் ஆக்கி, நான்கு காற்றையும் ‘கண்டறிந்தவை’க்குள் வைத்து, முடிவுரையை அப்படியே முடிவாக்கினால் போதுமா? விவாதம் என்ற பகுதியில் எதை எழுதுவது என்றே தெரியவில்லை.

தட்டச்சுக்கடை · ஜூன் 24, இரவு 10:15

வார்ப்புரு கோப்பை இதழின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையை நகலெடுத்து, வடிவம் இல்லாத வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்து அதற்குரிய ஸ்டைலைக் கொடுத்தால் எழுத்தளவும் ஓரமும் தானாக வந்துவிடும். அரை மணி நேர வேலை. எங்கள் கடையில் வாரம் நாலு பேருக்குச் செய்து கொடுக்கிறோம்.

வேலிக்காத்தான் · ஜூன் 24, இரவு 11:30

தட்டச்சுக்கடை சொல்வது கடைசி நாள் வேலை. ஆழிமணல் கேட்பது வேறு. இரண்டு மொழியியல் இதழ்களுக்கு மதிப்பீடு செய்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தலைப்பை மட்டும் மாற்றி வரும் கட்டுரையை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆய்வுமுறை ஐந்து வரியில் முடிந்திருக்கும். விவாதத்தில் முன்பு சொன்னதே வேறு சொற்களில் வரும்.

நம் கட்டுரைகளில் ஒரே பத்தியில் மூன்று வகை வாக்கியம் கலந்திருக்கும்: ஆய்வாளர் செய்தது, பார்த்தது அல்லது கேட்டது, அதைப் பற்றி நினைப்பது. இதழின் பகுப்பு இம்மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதனால் பத்திகளை இடம் மாற்றி வைத்தால் ஆகாது, வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைப் போடுங்கள். எந்தக் காற்றானாலும் சரி.

ஆழிமணல் · ஜூன் 25, காலை 7:05

கச்சான் பத்தி இது:

“கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்றாகும். பாம்பன், தங்கச்சிமடம் பகுதி முதிய மீனவர்கள் இதைக் கச்சான் என்றே வழங்குகின்றனர். நிகண்டுகள் மேல்காற்றைக் கோடை என்று குறிப்பிடுகின்றன. இளைய தலைமுறையினரிடம் இச்சொல் அருகி வருகிறது. பாய்மரப் படகுகள் மறைந்து எந்திரப் படகுகள் பெருகியதே இதற்குக் காரணமாகும். தமிழரின் கடலறிவு காக்கப்பட வேண்டும்.”

வேலிக்காத்தான் · ஜூன் 25, மதியம் 1:20

நல்ல பத்தி, பிரித்துக் காட்ட வசதியாகவும் இருக்கிறது.

“மேற்கிலிருந்து வீசும் காற்று” என்று சொன்னது யார்? அகராதியா, மீனவரா, நீங்களா? மீனவர் கையை நீட்டிக் காட்டினார் என்றால் அது கண்டறிந்தவை. அகராதி என்றால் அறிமுகம். வாக்கியத்தை இப்போது இருக்கிறபடி எந்தப் பகுதியிலும் வைக்க முடியாது, ஏனென்றால் சொன்னவர் அதில் இல்லை.

இரண்டாவது வாக்கியம் கண்டறிந்தவைதான். ஆனால் ‘முதிய மீனவர்கள்’ என்றால் எத்தனை பேர், எந்த வயதுக்கு மேல்? இப்படி இருக்க வேண்டும்: “பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பேசிய 50 வயதைக் கடந்த ___ பேரில் ___ பேர் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்றனர், மற்றவர்கள் ___ என்றனர்.” அந்த ‘மற்றவர்கள்’ பகுதியை நம் கட்டுரைகள் வழக்கமாக விட்டுவிடும். மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

நிகண்டு வாக்கியம் முன்னோர் சொன்னது, அறிமுகத்துக்குப் போகட்டும். இலக்கிய வழக்கில் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு. உங்கள் கடலோரத்தில் கோடைக்கு இடத்தில் கச்சான், தென்றலுக்கு இடத்தில் சோழகம். இரண்டு திசைக்கு ஒத்துப்போகிறது, இரண்டு திசைக்கு மாறுகிறது. ஆய்வுக் கேள்வியே இதில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் கச்சான் உட்தலைப்புக்குள் மூன்றாவது வரியாக வைத்திருக்கிறீர்கள்.

“அருகி வருகிறது” என்பதற்கு வயதுவாரி அட்டவணை வேண்டும். “எந்திரப் படகே காரணம்” என்பது உங்கள் விளக்கம், அதுதான் விவாதம். அங்கே போனதும் ‘காரணமாகும்’ என்று முடிக்க முடியாது. வேறு என்ன காரணம் இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். இப்போது பலர் காற்றின் திசையைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள், அதுவும் இருக்கலாமே.

கடைசி வாக்கியத்துக்கு இந்த இதழில் இடம் இல்லை. உங்களுக்கு அது முக்கியம் என்றால் தமிழ் வடிவில் இருக்கட்டும்.

நிலவளம் · ஜூன் 25, மாலை 6:45

நான் வேளாண் துறை. உளுந்து வயல் சோதனை ஒன்றை இதேபோல் மாற்றினேன். எங்கள் துறையில் ஆய்வுமுறை ஏற்கெனவே இருக்கும், அதனால் பிரிப்பது சுலபம். வேறொன்று படுத்தியது. சிறப்புக்கூறுகள் என்று மூன்று முதல் ஐந்து வரி தனியாகக் கேட்டார்கள், ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். ஒரு பக்கத்தில் சொன்னதை 85 எழுத்தில் சொல்லப் போனபோதுதான் எது உண்மையில் புதியது என்று பிடிபட்டது. ஆழிமணல், உங்கள் இதழ் கேட்காவிட்டாலும் எழுதிப் பாருங்கள்.

அப்புறம், வயது வித்தியாசத்துக்கு ஒரு புள்ளியியல் சோதனை போட்டுவிடுங்கள். அது இல்லாமல் வெளிநாட்டு இதழ் எடுக்காது.

வேலிக்காத்தான் · ஜூன் 25, இரவு 8:10

85 எழுத்து யோசனை நல்லது. புள்ளியியல் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. களத்தில் கிடைத்தவரிடம் பேசிய சிறு தொகுதி இது, குலுக்கிப் போட்டு எடுத்த மாதிரி கிடையாது. இதன் மேல் ஒரு சோதனையைப் போட்டு எண்ணைக் காட்டினால், இல்லாத உறுதி இருப்பதுபோல் தோன்றும். எண்ணிக்கையை அப்படியே அட்டவணையில் கொடுத்தால் போதும்.

ஓய்வுபெற்ற_ஆசான் · ஜூன் 26, காலை 5:50

நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் பேசுகிறேன். மேலை அறிவியல் நூற்றாண்டுக்கணக்காக வைத்திருக்கும் அச்சு இது. ஆய்வுக்கூடத்துக்குத் தைத்த சட்டையை மொழியாய்வுக்கு ஏன் மாட்ட வேண்டும்? இந்தத் தம்பியின் முன்னுரையில் “வளிதொழில் ஆண்ட உரவோன்” என்ற புறநானூற்று 66ஆம் பாட்டு கட்டாயம் இருக்கும். அதையும் வெட்டச் சொல்வீர்கள்.

நூலுக்கு என்ன என்ன வேண்டும் என்று நம்மவர்கள் முன்பே வகுத்திருக்கிறார்கள். நன்னூல் பாயிரவியலைப் புரட்டுங்கள். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு.

வேலிக்காத்தான் · ஜூன் 26, காலை 9:30

ஐயா, வணக்கம். நூற்றாண்டுக்கணக்காக என்பது மட்டும் சரியில்லை. இந்தப் பகுப்பு மருத்துவ இதழ்களிலேயே 1940களுக்குப் பிறகுதான் மெல்லப் பரவியது. 1980களில்தான் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையும் அப்படி வர ஆரம்பித்தது. அதற்கு முன் அவர்களும் பொருள்வாரியாகத் தலைப்பிட்டுத்தான் எழுதினார்கள்.

நன்னூல் பற்றி நீங்கள் சொன்னது இந்த இழைக்கு நேரடியாக உதவுகிறது. ஆழிமணலின் ‘ஆய்வு எல்லை’யில் “இராமநாதபுர மாவட்டக் கடலோரம்” என்று ஒரே வரி இருக்கும் என நினைக்கிறேன். காலம், களன் இரண்டையும் விரித்து எழுதினால் ஆய்வுமுறைப் பகுதியில் பாதி வந்துவிடும். எந்த மாதம், எந்தக் கரை, யாரிடம், என்ன கேட்டு? தமிழில் எழுதும்போது நாம் இதைத் தவிர்ப்பதற்கு மரபைக் காரணம் சொல்ல முடியாது போலிருக்கிறதே.

பாட்டை வெட்டச் சொல்ல மாட்டேன். கடலோடிகள் காற்றறிவைப் பழைய பாட்டு பேசுகிறது என்று ஒரு வாக்கியமும் பாட்டெண்ணும் அறிமுகத்தில் இருக்கலாம். பாட்டின் பொழிப்பும் கரிகாலன் வரலாறும் வேண்டாம்.

ஆழிமணல் · ஜூன் 26, இரவு 10:00

ஐயா சொன்னது சரி, 66ஆம் பாட்டுதான் என் முதல் வரி.

ஆய்வுமுறைக்காகக் களக்குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து ஊர்: பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம். மொத்தம் 34 பேர், மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆட்கள் கரையில் கிடைத்தார்கள், அதனால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தேன். இதையெல்லாம் எழுத வேண்டுமா? கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயமாகத் தோன்றுகிறது.

வேலிக்காத்தான் · ஜூன் 26, இரவு 11:15

கட்டாயம் எழுத வேண்டும். ஏன் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் மே மாதப் பகலில் கரையில் ஓய்வாகக் கிடைத்தவர்களில் விசைப்படகுத் தொழிலாளர் கூடுதலாக இருந்திருக்கலாம். காற்றை நம்பித் தொழில் செய்பவர்களோ கடலில் இருந்திருப்பார்கள். உங்கள் விவாதம் ‘எந்திரப் படகால் சொல் மறைகிறது’ என்கிறது. எந்திரப் படகுக்காரரிடமே அதிகம் பேசிவிட்டு அப்படிச் சொன்னால் மதிப்பீட்டாளர் உடனே கேட்பார்.

34 பேரில் யார் எந்தப் படகு என்று குறிப்பேட்டில் இருக்கிறதா? இருந்தால் அட்டவணையில் வயதுக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை. விவாதத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டீர்களே, அதற்கும் பொருள் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. என்ன கேள்வி கேட்டீர்கள்? குறிப்பேட்டில் இருக்கிற சொற்களிலேயே சொல்லுங்கள்.

ஆழிமணல் · ஜூன் 27, காலை 6:40

படகு வகை 34 பேருக்கும் இருக்கிறது.

கேள்வி ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. பாம்பனில் பெரியவர்களிடம் “இந்தப் பக்கமிருந்து அடிச்சா அதுக்கு என்ன பேருங்கய்யா?” என்று கை காட்டிக் கேட்டிருக்கிறேன். தேவிபட்டினத்தில் இளைஞர்களிடம் “கச்சான்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று இருக்கிறது.

வேலிக்காத்தான் · ஜூன் 27, மதியம் 12:50

இந்த இரண்டு விடையையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைக்க முடியாது. முதல் கேள்வியில் அவராக நினைவிலிருந்து சொல்லை எடுத்துத் தருகிறார். இரண்டாவதில் சொல்லை நீங்களே கொடுத்துவிட்டீர்கள், அவர் ஆமாம் அல்லது இல்லை என்றால் போதும். கேட்ட சொல்லை அடையாளம் காண்பது எப்போதும் எளிது. அப்படியும் இளைஞர்கள் தெரியாது என்றார்கள் என்றால் உங்கள் வாதம் இன்னும் வலுவாகிறது. தெரியும் என்றவர்களை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அவர்கள் அந்தச் சொல்லைப் புழங்குகிறார்களா, தாத்தா சொல்லிக் கேட்டதோடு சரியா என்று இந்த விடையிலிருந்து தெரியாது.

இரண்டு அட்டவணையாகப் போடுங்கள். எந்தக் கேள்வி யாரிடம் என்பதை ஆய்வுமுறையில் தமிழிலேயே, பேசிய வடிவத்திலேயே கொடுங்கள், கீழே மொழிபெயர்ப்போடு. ‘அருகி வருகிறது’ என்ற வாதத்தை ஒரே கேள்வி கேட்ட ஊர்களுக்குள் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் தேவிபட்டினம் ஒருமுறை போய் வாருங்கள்.

இதனால்தான் மாணவர்களிடம் நான் சொல்வது, ஆங்கிலமாக்குவதற்கு முன்பே பகுப்பை மாற்றிவிட வேண்டும், அதுவும் தமிழிலேயே. நேரே ஆங்கிலத்துக்குப் போனால் ‘வழங்கப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வாக்கியங்கள் அங்கேயும் அழகாக உட்கார்ந்துவிடும். யார் வழங்குகிறார், யார் கருதுகிறார் என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

நிலவளம் · ஜூன் 27, மாலை 5:30

இதில் எனக்கு வேறு கருத்து. நான் ஆங்கிலத்திலேயே தொடங்குவேன். இரண்டு முறை எழுதும் வேலை மிச்சம். இதழில் வந்த நாலு கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அமைப்பு தானாக வரும்.

தட்டச்சுக்கடை · ஜூன் 27, இரவு 9:05

இழையை முழுதாகப் படித்தேன். கேள்வியை வேறாகப் புரிந்துகொண்டுவிட்டேன் போல. ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கருத்தரங்கக் கோவைக்குப் பாமினி எழுத்துருவில் கொடுத்தீர்களா, யூனிகோடிலா? பாமினி என்றால் மேற்கோள் தமிழ்ச் சொற்களை அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் கணினியில் சரியாகத் தெரியும். இதழின் தளம் அதை பிடிஎஃப் ஆக்கும்போது வாடையும் கொண்டலும் இப்படி ஆகிவிடும்:

```
thil
nfhz;ly;
```

போன வருடம் ஒருவருடைய கட்டுரையில் எடுத்துக்காட்டு வரிகள் எல்லாமே இப்படிப் போய், மதிப்பீட்டாளர் ஒன்றும் புரியவில்லை என்று திருப்பிவிட்டார். மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிய பிறகு ஔகாரச் சொற்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஒற்றைக் குறியாக வர வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமுமாகத் தங்கிவிடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது.

வேலிக்காத்தான் · ஜூன் 27, இரவு 9:40

மிக முக்கியம், நன்றி. தமிழ் எழுத்தோடு ஒலிபெயர்ப்பும் கேட்பார்கள். ஐ.எஸ்.ஓ. 15919 முறையில் இந்த நான்கும்:

```
vāṭai  koṇṭal  kaccāṉ  cōḻakam
```

கட்டுரை முழுக்க ஒரே முறை இருக்கட்டும். துணைநூற்பட்டியலில் உள்ள தமிழ் நூல்களுக்கும் இதேதான்.

ஆழிமணல் · ஜூன் 28, இரவு 8:20

இன்று இரண்டு புதிய இடர்கள்.

இதழின் படிவம் ‘இக்கட்டுரை வேறு எங்கேனும் வெளிவந்ததா’ என்று கேட்கிறது. கோவை அச்சாகி ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வந்துவிட்டது. உடன் படிப்பவர் “அது தமிழ், இது ஆங்கிலம், இல்லை என்று போடு” என்கிறார்.

அடுத்தது ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழுவே இல்லை.

ஓய்வுபெற்ற_ஆசான் · ஜூன் 29, காலை 6:10

மொழி மாறினால் ஆக்கமும் புதிது. நான் அப்படித்தான் இரண்டு இடங்களில் வெளியிட்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை.

வேலிக்காத்தான் · ஜூன் 29, காலை 10:00

ஐயா, முன்பு யாரும் கேட்டதில்லை என்பது உண்மை. இப்போது கேட்கிறார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிகளில் வேறு மொழியில் மறுபடி வெளியிட இடம் உண்டு. ஆனால் இரண்டு இதழாசிரியர்களும் சம்மதிக்க வேண்டும், முதலில் வெளிவந்ததை இரண்டாவது குறிப்பிட வேண்டும். பிற துறை இதழ்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன. தெரிவிக்காமல் விட்டு, அச்சான பின் தெரிந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறவும் செய்வார்கள்.

ஆழிமணல், ‘ஆம்’ என்றே போடுங்கள். கோவையின் விவரத்தைக் கொடுத்து, எது புதிது என்று முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். படகுவாரி அட்டவணை, கேள்விவாரி பிரிப்பு, குறுகிய வாதம் மூன்றும் தமிழ் வடிவில் இல்லை. இது மொழிபெயர்ப்பு என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முடிவு ஆசிரியருடையது. அனுப்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

ஒப்புதல் எண்ணுக்காக யாரிடமும் பழைய தேதி போட்டுக் கடிதம் வாங்காதீர்கள். குழு இல்லை, பேசியவர்களிடம் வாய்மொழியாக இசைவு பெற்றேன், பெயர்களை வெளியிடவில்லை என்று நடந்ததை எழுதுங்கள். சில இதழ்கள் ஏற்கும், சில ஏற்காது. இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை.

ஓய்வுபெற்ற_ஆசான் · ஜூன் 29, மாலை 4:30

கடிதத்தில் தெரிவித்துவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான்கு காற்றையும் தனித்தனிச் சிறு பகுதியாகப் படிக்கும் சுவை இந்த அட்டவணையில் கரைந்துபோகும். கச்சானைப் பற்றி அறிய விரும்பும் ஒருவன் இனி நான்கு பகுதிகளில் துழாவ வேண்டும். அந்த இழப்புக்கு உங்கள் விடை என்ன?

வேலிக்காத்தான் · ஜூன் 29, இரவு 9:00

இழப்புதான் ஐயா. கண்டறிந்தவைக்குள் நான்கு காற்றையும் நான்கு உட்தலைப்பாக வைக்கலாம், இதழ்கள் அதைத் தடுப்பதில்லை. ஆனால் வரலாறும் விளக்கமும் அங்கே வராது. ஒரு பாட்டை நுணுகி வாசிக்கும் இலக்கியக் கட்டுரை என்றால் இந்தப் பகுப்புக்குள் கொண்டுபோகவே சொல்ல மாட்டேன், பொருள்வாரித் தலைப்பை ஏற்கும் இதழைத் தேடச் சொல்வேன். இது களத்தில் கேட்டுத் திரட்டியது, அதனால் தாங்கும்.

ஆழிமணல் · ஜூலை 6, இரவு 9:15

தேவிபட்டினம் போய், கை காட்டும் கேள்வியையே எல்லோரிடமும் கேட்டு வந்தேன். முன்பு “கேள்விப்பட்டிருக்கிறேன்” என்ற இளைஞர்களில் சிலர் இப்போது சொல்லைத் தாமாகச் சொல்லவில்லை, “மேலக்காத்து” என்றார்கள். சிலர் கச்சான் என்றே சொன்னார்கள், அவர்கள் நாட்டுப்படகில் போகிறவர்கள்.

ஆய்வுமுறையின் முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது:

“இராமநாதபுர மாவட்டத்தின் ஐந்து கடலோர ஊர்களில் 34 மீனவர்களிடம் பேசினேன். நேர்காணல்கள் மே மாதத்தில், விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில் நடந்தன. நாட்டுப்படகுகள் அப்போது இயங்கின. ஒவ்வொருவரின் வயதையும் படகு வகையையும் குறித்துக்கொண்டேன். திசையைக் கையால் காட்டி, அங்கிருந்து வரும் காற்றின் பெயரைக் கேட்டேன். தேவிபட்டினத்தில் முதல்முறை வேறு கேள்வி கேட்கப்பட்டதால், ஜூலையில் அங்கு மட்டும் நேர்காணல்கள் மீண்டும் நடத்தப்பட்டன. இரு விடைகளும் தனித்தனியே தரப்படுகின்றன.”

இதழாசிரியரின் பதில் இன்னும் வரவில்லை.

வேலிக்காத்தான் · ஜூலை 6, இரவு 10:30

நன்றாக இருக்கிறது. ஜூலையில் கச்சான் வீசிக்கொண்டிருக்கும், மே மாதம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். வீசும் காற்றின் பெயர் நாவில் முந்தி வரும், அதனால் இந்த வேறுபாட்டை விவாதத்தில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பாம்பனில் பேசியவர்கள் வடகடல் கரையா, தென்கடல் கரையா? வாடை காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். படகையே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். களம் என்ற இடத்தில் ஊர்ப்பெயர் மட்டும் போதாது, கரையையும் சேருங்கள்.

ஓய்வுபெற்ற_ஆசான் · ஜூலை 7, காலை 5:45

தம்பி, “நேர்காணல்கள் மீண்டும் நடத்தப்பட்டன” என்று எழுதியிருக்கிறாய். நடத்தியவன் நீதானே. “நடத்தினேன்” என்று எழுது.